மர்ஹூம் ஆதம்பாவா காக்கா அவர்களின் குடும்பத்தாருக்கு நம்பிக்கையாளர் சபையின் அனுதாபச் செய்தி

நிந்தவூர்
17.01.2025, வெள்ளிக்கிழமை

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.

கண்ணியமிக்க ராத்தா, மகன்மார் இருவர், மகள், மருமகன் ஆகியோருக்கு,

இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

புதன்கிழமை சுபஹுத் தொழுகைக்கு முதல் ஸப்பில் நின்றவர் லுஹருக்கு இல்லை. அந்தச் செய்தியை ஒலிபெருக்கியில் அறிவிக்கப் போன மோதினாருக்குப் பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை. மஹல்லாவில் யார் மௌத்தானாலும் அந்த அறிவித்தலை எழுதிக் கொடுத்து வந்தவரே காக்காதான்.

வைத்தியசாலைக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்ததால் திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து வாக்குமூலம் எடுக்கும்வரை ஜனாஸாவைத் தரமுடியாது என்றார்கள். காத்திருந்த அந்த நேரம் உங்களுக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். யாரும் வேண்டுமென்று தாமதிக்கவில்லை. நோய் இன்னதென்று தெரியாமல் திடீரென்று நிகழும் மரணத்தில் சட்டம் கேட்கும் ஒழுங்கு அது. ஜனாஸாவைக் கீறாமல் ஒப்படைத்தார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

காக்கா பள்ளிக்குச் செய்ததை எல்லாம் எழுதினால் தாள் போதாது. இரண்டை மட்டும் சொல்கிறோம்.

முதலாவது மையவாடி. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, ஒரு குழிக்குள் பலரை வைக்க வேண்டியிருந்த அந்த நாட்களில் மண்வெட்டி பிடித்தவர், இருபது வருடமாக அதை வைக்கவில்லை. நமது மையவாடி கடல் மணல். நேராக வெட்டி இறக்கினால் இரண்டு முழத்திலேயே பக்கம் சரிந்து குழிக்குள் விழும். அதற்காக அவர் மேல்வாயை இரண்டு பக்கமும் ஒரு முழம் அகட்டி வெட்டுவார். இடுப்பளவு இறங்கியதும் பலகை இரண்டை நெடுக்காக அடித்து, குறுக்கே கட்டை கொடுத்து இறுக்கிவிட்டுத்தான் கீழே வெட்டுவார். மழைக்காலத்தில் ஊற்றுத் தண்ணீர் மேலே வந்துவிடும் என்பதால் மாரியில் மேற்கு மதில் ஓரத்து மேட்டைத்தான் காட்டுவார். 2021 மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் கொவிட் ஜனாஸாக்கள் அடக்கப்படத் தொடங்கியபோது, நமதூரிலிருந்து போன குடும்பங்களுக்குத் துணையாகப் போனவரும் அவரே.

அவருடைய கபுரை அவர் பழக்கிய ஐந்து இளைஞர்கள் வெட்டினார்கள். ஜனவரி மழையில் மண் நொந்து கிடந்தது. அதே மதில் ஓரம், அதே பலகை, அதே கட்டை. இரண்டரை மணித்தியாலம் எடுத்தது. தண்ணீர் வரவில்லை, மண்ணும் சரியவில்லை. கடைசிப் பலகையை ஒருவன் உள்ளங்கையால் தட்டிப் பார்த்துவிட்டு "காக்கா சரியென்பார்" என்றான்.

இரண்டாவது நோன்புக் கஞ்சி. லுஹர் தொழுத கையோடு கிடாரத்தை ஏற்றுவார். இஞ்சி, பூடு, வெந்தயம், ரம்பையோடு அரிசி குழையும்வரை கடைசிப்பாலில் வேகவிட்டு, முதற்பாலை அசருக்குக் கொஞ்சம் முன்னர், விறகை வெளியே இழுத்துவிட்டுத்தான் ஊற்றுவார். கொதியில் ஊற்றினால் பால் திரைந்துவிடும். அடிப்பிடித்த மணம் வந்துவிட்டால் துழாவ விடமாட்டார், அடியைச் சுரண்டாமல் மேலிருந்து வேறு பானைக்கு மாற்றிவிடுவார்; துழாவினால் முழுக் கிடாரமும் கெட்டுவிடும். நோன்புக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. இத்தனை வருடமாக இதையெல்லாம் ஒரே ஆளின் தோளில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தது எங்கள் தவறு. அதை உங்கள் முன்னால் ஒப்புக்கொள்கிறோம்.

இனி நீங்கள் அறிய வேண்டியவை.

கபன், சந்தூக்கு, வாகனம், பலகைச் செலவு எல்லாம் ஜனாஸா நிதியில் போய்விட்டது. யாராவது வந்து காசு கேட்டால் கொடுக்க வேண்டாம், எங்களிடம் அனுப்புங்கள். மூன்று நாள் சாப்பாடு மஹல்லா வீடுகளிலிருந்து வருகிறது. ஜஃபர் ரழியல்லாஹு அன்ஹு ஷஹீதானபோது அவர்கள் வீட்டாருக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் சொன்ன வழிமுறை அது. வந்து போகிறவர்களுக்குப் பிளேன்டீக்குக்கூட நீங்கள் அடுப்பு மூட்ட வேண்டாம். கத்தம் ஓதுவது குடும்பத்தின் விருப்பம், அதில் சபை தலையிடாது. ஆனால் அதற்காக ஒரு சதம்கூடக் கடன்படாதீர்கள்.

கடன் விடயம். காக்காவிடம் கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள் மூத்த மகனை அணுகும்படி அடக்கத்தின்போதே அறிவித்தோம். இன்று ஜும்ஆவிலும் அறிவிப்போம். சொத்துப் பங்கீடு கடனும் வஸிய்யத்தும் தீர்ந்த பிறகுதான். உறவினர் யார் அவசரப்படுத்தினாலும் அதற்கு முன் எதிலும் கையொப்பம் வைக்க வேண்டாம்.

பள்ளி அவருக்குக் கொடுக்க வேண்டிய கடனும் ஒன்று இருக்கிறது. ஹவுளுக்குத் தண்ணீர் இழுக்கும் மோட்டரின் அடி வால்வில் மணல் சிக்கி, குழாயில் தண்ணீர் நிற்காமல் இறங்கிக்கொண்டிருந்தது. கடந்த மாதம் புது வால்வும் குழாயும் தன் காசில் வாங்கிப் போட்டார். 18,750 ரூபா. பற்றுச்சீட்டைத் தந்தவர் காசை "பிறகு பார்ப்பம்" என்று விட்டுவிட்டார். அது நன்கொடை என்று அவர் சொல்லாததால் வாரிசுகளின் உரிமை. பொருளாளர் நாளை கொண்டு வருவார். வாங்க மறுக்காதீர்கள், பள்ளிக்குத் திருப்பித் தர விரும்பினால், பங்காளிகள் எல்லோரும் சம்மதித்த பிறகு தாருங்கள்.

உங்கள் வீட்டில் பள்ளியின் சாவிக்கொத்து, இரண்டு மண்வெட்டி, ஓர் அலவாங்கு, கஞ்சிக் கணக்குக் கொப்பி, சிறு உண்டியல் ஆகியவை இருக்கின்றன. அவசரமில்லை. உண்டியலை மகன் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எண்ணி எழுதி எடுப்போம். கொப்பியைப் பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தருவோம். அவருடைய கையெழுத்து பிள்ளைகளிடம் இருக்கட்டும்.

மரண அத்தாட்சிப் பத்திரத்துக்கு விசாரணை அதிகாரியின் அறிக்கை பதிவாளரிடம் போக வேண்டும். தேசிய அடையாள அட்டையை எடுத்து வையுங்கள்; செயலாளர் மகனோடு கூடப் போவார். பெயர், பிறந்த திகதி எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள், பிறகு திருத்துவது பெரும் அலைச்சல். நாலைந்து பிரதி சேர்த்து எடுங்கள். வங்கி, காணி, கமநல சேவை நிலையம் எல்லாவற்றுக்கும் கேட்பார்கள்.

ராத்தாவின் இத்தா நான்கு மாதம் பத்து நாள். பிறைக் கணக்கில் அது மே மாதத்தின் கடைசி வாரத்தை ஒட்டி முடியும். சரியான நாளை பேஷ் இமாம் அறியத் தருவார். அதுவரை மருந்து, சாமான், மின்சாரக் கட்டணம் எதற்கும் ராத்தா வெளியே போக வேண்டியதில்லை. பக்கத்து வளவிலுள்ள பெண்களுக்குச் சொல்லியிருக்கிறோம்.

வயல் இரண்டு ஏக்கரும் கதிர் முற்றி நிற்கிறது. வெட்டு மெஷினுக்கு நாள் பிடிப்பது, நெல்லைக் காயவைப்பது, மூடை கட்டுவது அனைத்தையும் மஹல்லா வாலிபர்கள் பார்ப்பார்கள். விலை பேசுவது மட்டும் மருமகன் கையில்.

யா அல்லாஹ், எங்கள் காக்காவின் பிழைகளைப் பொறுத்து, கபுரை விசாலமாக்கி, ஜன்னத்துல் பிர்தௌஸில் சேர்ப்பாயாக. ராத்தாவுக்கும் பிள்ளைகளுக்கும் அழகிய பொறுமையைத் தருவாயாக. ஆமீன்.

இன்று அசருக்குப் பின் சபையினர் எல்லோரும் வீட்டுக்கு வருகிறோம். கதிரை, கூடாரம் எதுவும் வேண்டாம், பாய் போதும்.

வஸ்ஸலாம்.

தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர்கள்
மஹல்லாப் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை