கதவு எண், தெருப் பெயர் உறுதிச் சான்று வேண்டி விண்ணப்பம்

நாள்: 25.08.2025

அனுப்புநர்
சு. பேச்சியம்மாள்,
க/பெ. சுப்பையா,
கதவு எண் 3/117ஏ (பழைய எண் 2/41-ன் வடபாதி),
பிள்ளையார் கோவில் தெரு (பழைய பெயர் கீழத்தெரு),
செவ்வந்திக்குளம், ஆலங்குளம் வட்டம்,
தென்காசி மாவட்டம்.

பெறுநர்
ஊராட்சி மன்றத் தலைவர் அவர்கள்,
செவ்வந்திக்குளம் ஊராட்சி,
ஆலங்குளம் ஊராட்சி ஒன்றியம்,
தென்காசி மாவட்டம்.

மதிப்பிற்குரிய தலைவர் அம்மா அவர்களுக்கு,

பொருள்: வீட்டுக் கடனுக்காக என் வீட்டின் கதவு எண்ணையும் தெருப் பெயரையும் உறுதி செய்து சான்று வழங்கக் கோருதல்.

பார்வை: வங்கிக் கிளையிலிருந்து எனக்கு வந்த கடிதம், நாள் 18.08.2025.

வணக்கம். மேலே சொன்ன முகவரியில் கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் குடியிருக்கிறேன். பீடி சுற்றுகிறேன். கணவர் கேரளாவில் கட்டட வேலை பார்க்கிறார், மாதம் ஒருமுறை வருவார். வீடு என் பெயரில் இருப்பதால் விண்ணப்பத்தையும் நானே எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் எங்கள் வீட்டின் பின்சுவர் இடிந்து விழுந்தது உங்களுக்குத் தெரியும். மறுநாள் காலையில் நீங்களே வந்து பார்த்தீர்கள். அதிலிருந்து அடுக்களைப் பக்கம் தார்ப்பாய்தான் கட்டியிருக்கிறோம். ஓடும் பாதி சரிந்துவிட்டது. சாரல் அடித்தால் சுற்றி வைத்த பீடி நமுத்துப்போகிறது, கடையில் கழித்துவிடுகிறார்கள். ஓட்டைப் பிரித்துவிட்டு காங்கிரீட் போடலாம் என்று ஆலங்குளத்தில் உள்ள அரசு வங்கியில் 6 லட்சம் ரூபாய் கடன் கேட்டோம். வருமானம், பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் பார்த்து முடித்துவிட்டார்கள். கடைசியில் முகவரியில்தான் நிற்கிறது.

வங்கி வக்கீல் சொல்வது இதுதான். பத்திரத்தில் இருப்பது ஒரு கதவு எண், வீட்டு வரி ரசீதில் இருப்பது வேறு எண். தெருவின் பெயரும் இரண்டிலும் ஒன்றாக இல்லை. இரண்டும் ஒரே வீடுதான் என்று ஊராட்சி எழுதிக் கொடுத்தால்தான் அவர் சட்டக் கருத்து தருவாராம். அவர் கேட்பதில் தப்பில்லை. அடமானம் வைக்கிற வீடு எது என்று அவர்களுக்குச் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும் அல்லவா?

இந்தக் குழப்பம் எப்படி வந்தது என்பதை விவரமாகச் சொல்லிவிடுகிறேன், பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.

எங்கள் வீடும் கொழுந்தனார் வீடும் முன்பு ஒரே வீடு. என் மாமியார் பெயரில் 2/41, கீழத்தெரு என்று வரி கட்டி வந்தோம். 2011-ல் மாமியார் அதை இரண்டாகப் பிரித்து, வடபாதியை எனக்கும் தென்பாதியைக் கொழுந்தனாருக்கும் செட்டில்மென்ட் எழுதித் தந்தார். என்னுடைய பத்திரம் 1462/2011, ஆலங்குளம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானது. அதில் ‘கதவு எண் 2/41-ன் வடபாதி, கீழத்தெரு’ என்று இருக்கிறது. அப்புறம் 2017-ல் ஊராட்சியிலிருந்து வீடுகளுக்கு எண் மாற்றி எழுதியபோது எங்கள் பகுதி 2-ஆம் வார்டிலிருந்து 3-ஆம் வார்டுக்கு வந்தது. கொழுந்தனார் வீட்டுக்கு 3/117, எங்களுக்கு 3/117ஏ என்று கொடுத்தார்கள். அந்த வருஷமே தெரு முனையில் பிள்ளையார் கோவில் தெரு என்று போர்டும் வைத்தார்கள். அதற்குப் பிறகு எல்லா வரி ரசீதும் 3/117ஏ, பிள்ளையார் கோவில் தெரு என்றுதான் வருகிறது. 2025-26 ஆண்டு வரியை vptax.tnrd.tn.gov.in தளத்தில் கட்டினேன், அந்த ரசீதிலும் அதே எண்தான்.

மற்ற அடையாளங்கள் எல்லாம் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. மின் இணைப்பு மாமியார் காலத்திலேயே வாங்கியது, அதில் 2/41 அப்படியே நிற்கிறது. என் ஆதார் அட்டையில் ‘ஏ’ விட்டுப்போய் வெறும் 3/117 என்று அச்சாகியிருக்கிறது. பத்திரத்தில் திருநெல்வேலி மாவட்டம் என்று இருப்பதையும் வக்கீல் குறித்திருக்கிறார். தென்காசி தனி மாவட்டமானது 22.11.2019-ல், பத்திரம் அதற்கு எட்டு வருஷம் முந்தியது. அதை அவரிடம் சொன்னேன், ஏற்றுக்கொண்டார். இருந்தாலும் உங்கள் சான்றில் மாவட்டப் பெயரைச் சரியாகப் போட்டுவிட்டால் மறுபடியும் கேள்வி வராது.

எங்கள் வீட்டு நிலைக்கட்டையை நீங்கள் பார்த்தால் என் நிலைமை புரியும். இடது பக்கம் தாரில் எழுதிய 2/41, பாதி அழிந்தது. அதற்கு மேலே நீலத் தகரத்தில் 3/117ஏ, அதில் ‘ஏ’ இருக்கிற மூலை துருப்பிடித்துவிட்டது. வலது பக்கம் ஏதோ கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் சாக்பீஸில் எழுதிப்போன 58. இந்த மாதத் தொடக்கத்தில் வீட்டை மதிப்பிட வந்தவர் துரு மூலையைக் கவனிக்கவில்லை. 3/117 என்று ஆதாரில் இருப்பதைப் பார்த்து நேராகக் கொழுந்தனார் வீட்டுக்குப் போய், அந்தக் காங்கிரீட் வீட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அப்போது இலை வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். போட்டோவில் மாடிப்படி தெரிகிறதே, ஓட்டு வீடு என்றுதானே சொன்னீர்கள் என்று வங்கியில் கேட்டபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. பொய் சொல்லிக் கடன் கேட்கிறோம் என்று நினைத்துவிடுவார்களோ என்று அன்றைக்கு ரொம்பவே பதறிப்போனேன்.

முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம்தான் போனேன். நிலத்துக்கும் பட்டாவுக்கும் அவர் பார்த்துச் சொல்வார், கதவு எண் ஊராட்சியின் வீட்டு வரிப் பதிவேட்டில்தான் இருக்கும், அங்கே கேளுங்கள் என்றார். போன வாரம் ஊராட்சிச் செயலர் சாரைப் பார்த்தேன். எழுத்து மூலமாக விண்ணப்பம் கொடுத்தால் பதிவேட்டைப் பார்த்துத் தருகிறேன் என்று சொன்னார். அதன்படிதான் இதைக் கொடுக்கிறேன்.

வீட்டின் விவரம்: செவ்வந்திக்குளம் கிராமம், நத்தம் புல எண் 214/7, பட்டா எண் 318. கிழமேல் 60 அடி, தென்வடல் 20 அடி, ஆக 1,200 சதுர அடி, பட்டாவில் 111 சதுர மீட்டர். வீடு கிழக்குப் பார்த்தது. நான்கு எல்லை: கிழக்கே தென்வடலாகப் போகும் பிள்ளையார் கோவில் தெரு, தெற்கே கொழுந்தனாரின் 3/117 எண் வீடு, மேற்கே பொதுக்கிணறு உள்ள புறம்போக்கு, வடக்கே ஊராட்சிச் சந்து. பத்திரத்திலும் எல்லைகள் இப்படியேதான் இருக்கின்றன, தெருப் பெயரும் பக்கத்து வீட்டு எண்ணும் மட்டும் பழையபடி.

வக்கீல் என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தந்தார். அதை வைத்து, சான்றில் இந்த வாசகம் வந்தால் போதும் என்று நினைக்கிறேன்:

‘தென்காசி மாவட்டம், ஆலங்குளம் வட்டம், செவ்வந்திக்குளம் ஊராட்சி, நத்தம் புல எண் 214/7-ல் அமைந்து, சுப்பையா மனைவி பேச்சியம்மாள் பெயரில் வீட்டு வரி விதிக்கப்பட்டுள்ள வீட்டின் தற்போதைய கதவு எண் 3/117ஏ, பிள்ளையார் கோவில் தெரு ஆகும். இவ்வீட்டின் முந்தைய முகவரி கதவு எண் 2/41-ன் வடபாதி, கீழத்தெரு ஆகும். இவ்விரு முகவரிகளும் ஒரே வீட்டைக் குறிப்பவை. கதவு எண் 3/117 உள்ள வீடு வேறு வீடு.’

கடைசி வரியை மட்டும் தயவுசெய்து விட்டுவிட வேண்டாம். போட்டோ மாறிய விஷயத்துக்கு அதுதான் பதில்.

ஊராட்சியில் இப்படிச் சான்று கொடுக்கத் தயங்குவார்கள், நாளைக்கு சொத்துத் தகராறு வந்தால் இந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து காட்டுவார்கள் என்ற பயம் இருக்கும் என்று கேள்விப்பட்டேன். நியாயமான பயம்தான். சொத்து என்னுடையது என்று நீங்கள் எழுத வேண்டியதே இல்லை, அதற்குப் பத்திரமும் பட்டாவும் இருக்கின்றன. ‘இச்சான்று வீட்டு வரிப் பதிவேட்டின்படி முகவரியை உறுதி செய்ய மட்டுமே, உரிமைச் சான்று அல்ல’ என்று அடியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். வக்கீலிடமும் கேட்டுவிட்டேன், அவருக்கு அதில் ஆட்சேபம் இல்லை. கொழுந்தனாரும் எண்கள் சரி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட கடிதம் தந்திருக்கிறார், அதையும் வைத்திருக்கிறேன்.

சான்று ஊராட்சியின் கடிதத் தாளில், ந.க. எண்ணும் தேதியும் போட்டு, உங்கள் கையெழுத்தும் முத்திரையும் தெளிவாகத் தெரியும்படி இருக்க வேண்டும் என்கிறார்கள். யாருக்கு என்ற இடத்தில் எழுத வேண்டிய கிளை மேலாளரின் முகவரி இணைத்துள்ள வங்கிக் கடிதத்தின் தலைப்பிலேயே இருக்கிறது. கட்டணம் ஏதும் உண்டென்றால் கட்டி ரசீது வாங்கிக்கொள்கிறேன். நேரில் வந்து பார்க்க வேண்டும் என்றால் எந்த நாளானாலும் வரலாம். காலை பத்து மணிக்கு மேல் இலை வாங்கப் போவேன், அதற்கு முன்னும் மதியத்துக்குப் பிறகும் வீட்டில்தான் இருப்பேன். என் கைபேசி எண் வரிப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே இருக்கிறது.

வங்கியில் 12.09.2025 வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். அது தவறினால் வில்லங்கச் சான்றிலிருந்து மறுபடியும் எடுக்கச் சொல்வார்கள். அதைவிட எனக்குக் கவலை மழைதான். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் ஓட்டைப் பிரிக்க முடியாது, இன்னொரு மழைக்காலமும் பிள்ளைகள் தார்ப்பாய்க்கு அடியில்தான். அதனால் செப்டம்பர் 5-க்குள் சான்று கிடைத்தால் பெரிய உதவியாக இருக்கும், மீதி நாளில் ஏதாவது திருத்தம் கேட்டாலும் சமாளித்துக்கொள்ளலாம்.

இதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் தெருவில் பிரிந்த வீடுகள் இன்னும் மூன்று இருக்கின்றன, அவர்களுடைய பத்திரத்திலும் கீழத்தெருதான். அவர்களும் நாளைக்கு இதே வேலைக்கு அலைய வேண்டிவரும். பழைய எண், புது எண், பழைய தெரு, புது தெரு என்று ஒரே பட்டியலாக எழுதி ஊராட்சிப் பலகையில் ஒட்டினால் எல்லாருக்கும் உதவும். அக்டோபர் 2 கிராம சபையில் இதைக் கேட்கலாம் என்று அந்த மூன்று வீட்டாரிடமும் பேசியிருக்கிறேன். நீங்களும் பொருளில் சேர்த்துக்கொண்டால் நல்லது. என் சான்று அதுவரை காத்திருக்க முடியாது என்பதால் இதைத் தனியாகக் கேட்கிறேன்.

என் விண்ணப்பத்தைப் பரிசீலித்து மேற்படி சான்றை விரைவில் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: செவ்வந்திக்குளம்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சு. பேச்சியம்மாள்

இணைப்பு (நகல்கள்): செட்டில்மென்ட் பத்திரம் 1462/2011, நத்தம் பட்டா 318, 2017-க்கு முந்தைய வரி ரசீது ஒன்று, 2025-26 வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, ஆதார், வங்கிக் கடிதம், கொழுந்தனாரின் சம்மதக் கடிதம், வீட்டின் முன்பக்கமும் நிலைக்கட்டையும் தெரியும் போட்டோ இரண்டு. அசல் எல்லாம் கையில் வைத்திருக்கிறேன், கேட்கும்போது காட்டுகிறேன்.