இதயமும் இரத்த ஓட்டமும்: திருப்புதல் குறிப்புகளும் பயிற்சி வினாக்களும்

வியாழக்கிழமைத் தேர்வுக்குள் இந்தப் பாடத்தை முழுதாகப் படிக்க நேரம் இருக்காது. இந்தக் குறிப்பை இரண்டு முறை படியுங்கள். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு வினாக்களுக்கு எழுதிப் பாருங்கள்.

முதலில் படம்
தாளில் உங்கள் இடக்கைப் பக்கம் இருப்பது இதயத்தின் வலப்பக்கம். எதிரில் நிற்பவரின் இதயத்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். போன திருப்புதல் தேர்வில் பலர் அழகாக வரைந்துவிட்டு இங்கேதான் மதிப்பெண்ணை விட்டார்கள்.

ஒரு சொட்டு இரத்தத்தின் பாதை
பெருஞ்சிரைகள் → வலது ஆரிக்கிள் → மூவிதழ் வால்வு → வலது வெண்ட்ரிக்கிள் → நுரையீரல் தமனி → நுரையீரல் → நுரையீரல் சிரைகள் → இடது ஆரிக்கிள் → ஈரிதழ் வால்வு → இடது வெண்ட்ரிக்கிள் → பெருந்தமனி → உடல்.

இதை விரலால் படத்தில் தொட்டுக்கொண்டே சொல்லிப் பாருங்கள். இது வந்துவிட்டால் பாடத்தில் பாதி வந்த மாதிரி.

எல்லோரும் தடுமாறும் இடம்
"தமனியில் நல்ல இரத்தம், சிரையில் கெட்ட இரத்தம்" என்று மனப்பாடம் செய்யாதீர்கள். இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோவது தமனி. இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை. திசைதான் கணக்கு. அதனால்தான் நுரையீரல் தமனியில் ஆக்சிஜன் குறைந்த இரத்தமும், நுரையீரல் சிரையில் ஆக்சிஜன் நிறைந்த இரத்தமும் ஓடுகின்றன.

துடிப்பு
தொடங்குமிடம்: வலது ஆரிக்கிளில் உள்ள சைனோ ஏட்ரியல் கணு. ஓய்வில் நிமிடத்துக்குச் சராசரியாக 72 துடிப்பு. ஒரு துடிப்புக்குச் சுமார் 0.8 வினாடி. 'லப்': ஈரிதழ், மூவிதழ் வால்வுகள் மூடும் ஒலி. 'டப்': அரைச்சந்திர வால்வுகள் மூடும் ஒலி. இயல்பான இரத்த அழுத்தம் 120/80 mmHg.

இதய வெளியேற்றம் = துடிப்பு வீதம் × ஒரு துடிப்பில் வெளியேறும் அளவு
72 × 70 மி.லி. = 5040 மி.லி., அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர்.

ஒரு மதிப்பெண்ணுக்கு: இரத்தச் சுழற்சியை விளக்கியவர் வில்லியம் ஹார்வி, 1628.

பயிற்சி வினாக்கள்
1. ஆக்சிஜன் குறைந்த இரத்தம் செல்லும் தமனி எது?
2. இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் ஏன் தடிமனாக உள்ளது?
3. நிமிடத்துக்கு 80 துடிப்பு என்றால், ஒரு துடிப்புக்கு எவ்வளவு நேரம்?
4. துடிப்பு வீதம் 90, ஒரு துடிப்பில் 70 மி.லி. எனில், இதய வெளியேற்றம் என்ன?
5. ஈரிதழ் வால்வு சரியாக மூடாவிட்டால் என்ன நடக்கும்?

விடைகள்
1. நுரையீரல் தமனி.
2. உடல் முழுவதற்கும் அதிக அழுத்தத்தில் இரத்தத்தைத் தள்ள வேண்டும். "அதிக வேலை செய்கிறது" என்று மட்டும் எழுதினால் போதாது.
3. 60 ÷ 80 = 0.75 வினாடி.
4. 6300 மி.லி. (6.3 லிட்டர்/நிமிடம்). அலகை விட்டுவிடாதீர்கள்.
5. இடது வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது இரத்தத்தில் ஒரு பகுதி இடது ஆரிக்கிளுக்கே திரும்பும்; பெருந்தமனிக்குப் போகும் அளவு குறையும்.