கடைசி முத்திரை

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, காலை வணக்கம்.

இன்று ஆகஸ்ட் 12, தேசிய நூலகர் தினம். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் நினைவாகக் கொண்டாடுகிறோம். கணக்கு வாத்தியாராக இருந்தவர் அவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானதும் அந்த வேலை சலித்துப்போய், பழையபடி வகுப்பறைக்கே அனுப்பிவிடச் சொல்லிக் கேட்டார். புத்தகங்களுக்கு நடுவே உட்காரப் பிடிக்காத அந்த மனிதர்தான் பின்னால் நாம் இருக்கும் இதே டெல்லியில், டெல்லிப் பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியலை வளர்த்தெடுத்தார். ஆகவே, “எனக்குப் படிக்கப் பிடிக்காது, மிஸ்” என்று நீங்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவதில்லை.

நேற்று நம் நூலகத்தில் ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுத்தேன். பின்னட்டையின் உள்பக்கத்தில், ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் திருப்பித் தர வேண்டிய தேதியை முத்திரை குத்தும் தாள் ஒட்டியிருக்கிறது. 2008இல் மட்டும் ஒன்பது முத்திரைகள். அப்புறம் இரண்டு, அப்புறம் ஒன்று. கடைசி முத்திரை 2016 மார்ச். அதன் கீழே வெறும் கோடுகள். வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கைப்பேசியைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் அதில் ஒரு காணொளி முடிவதற்குள் அடுத்தது தானாக வந்துவிடுகிறது. அலுத்துப்போகக்கூட அவகாசம் இல்லை. புத்தகம் அப்படி ஓடி வராது. முதல் பத்துப் பக்கம் நீங்கள்தான் அதை நோக்கி நடக்க வேண்டும். அந்தப் பத்துப் பக்கத்திற்குள் பலமுறை கை தானாகக் கைப்பேசியைத் தேடும். அதனால் அதை வேறு அறையில் வைத்துவிட்டு, இரவில் பதினைந்து நிமிடம் மட்டும் படியுங்கள். பிடிக்காத புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு எடுங்கள். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் உண்டு என்றார் ரங்கநாதன். கிரிக்கெட், பேய்க்கதை, படக்கதை எதுவானாலும் சரி.

இன்னொன்று. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பாடத்தில் ஆங்கிலம் என்று வளர்கிறீர்கள். தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்க வெட்கமாக இருக்கிறது என்று பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கண்கலங்கிச் சொன்னாள். அவள் இப்போது பாட்டிக்குத் தினமும் இரண்டு பக்கம் வாசித்துக் காட்டுகிறாள். தடுக்கும் இடத்தில் பாட்டி எடுத்துக் கொடுக்கிறார். நீங்களும் அப்படித் தொடங்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவுடன் மகிளா ஹாட்டுக்குப் போங்கள். தரியாகஞ்ச் நடைபாதையில் இருந்த பழைய புத்தகச் சந்தை 2019 முதல் அங்கேதான் நடக்கிறது. ஆங்கில நாவல்களைக் கிலோ கணக்கில்கூட எடை போட்டுத் தருவார்கள்.

இன்று மதிய இடைவேளையில் நூலகம் திறந்திருக்கும். நான் சொன்ன சிறுகதைத் தொகுப்பு என் மேசை மேல் இருக்கிறது. முத்திரையில் தேதியை ஆகஸ்ட் 26க்கு நகர்த்தி வைத்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.