புரோடாக்டினியம் அட்டவணை: விடையும் வரைபடமும்

தம்பி, சுங்கை சிப்புட் வகுப்புக்கு நீ சனிக்கிழமை வரும்வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே எழுதிவிடுகிறேன். நீ அனுப்பிய படத்தில் புரோடாக்டினியத்தின் அளவுகள் இருக்கின்றன, `t` நேரம், `C` வினாடிக்கு எண்ணிக்கை. அதிலிருந்து அரை ஆயுள், தொடக்கக் கதிரியக்கச் செயல்பாடு `A₀`, தொடக்கத்தில் இருந்த அணுக்கருக்கள் `N₀`, 300 வினாடியில் செயல்பாடு ஆகியவற்றைக் கேட்டிருக்கிறார்கள். 120 வினாடி வரிசையில் பிளாஷ் வெளிச்சம் விழுந்திருக்கிறது. அது 6.0-ஆ 8.0-ஆ என்று கண்ணால் சொல்ல முடியவில்லை, வரைபடம் சொல்லிவிடும்.

நீ நேரே `ln` எடுத்திருக்கிறாய். அதற்கு முன் தாளின் மூலையில் எழுதியிருக்கும் பின்னணி எண்ணிக்கையை, வினாடிக்கு 0.5, எல்லா அளவிலும் கழிக்க வேண்டும். முதல் வரிசையில் 0.5 பெரிதாகத் தெரியாது. கடைசி 2.7-இல் அது ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. கழிக்காமல் விட்டால் கோடு வால் பக்கம் மேலே வளையும், அரை ஆயுள் 76 வினாடி என்று வரும்.

```
t/s    C      C-0.5   ln(C-0.5)
0     24.3    23.8    3.17
40    16.9    16.4    2.80
80    11.2    10.7    2.37
120    8.0     7.5    2.01
160    5.3     4.8    1.57
200    3.9     3.4    1.22
240    2.7     2.2    0.79
```

120-க்கு 6.0 போட்டால் `ln` 1.70 ஆகிறது, கோட்டை விட்டு நன்றாகக் கீழே விழுகிறது. 8.0 போட்டால் 2.01, கோட்டோடு ஒட்டி உட்காருகிறது. ஆகவே 8.0.

சிதைவு `C = C₀e^(-λt)` என்பதால் `ln C = ln C₀ - λt`. இங்கே `C` என்பது பின்னணி கழித்த எண்ணிக்கை. நேர்கோடு வருவது இதனால்தான், சாய்வு `-λ`. புள்ளிகளுக்கு நடுவே கோடு போடு, முதலையும் கடைசியையும் இணைத்துவிடாதே. கதிரியக்கம் தற்செயலாக நடப்பது, புள்ளிகள் கொஞ்சம் மேலும் கீழும் இருக்கத்தான் செய்யும். சாய்வுக்கு எண்களை அட்டவணையிலிருந்து எடுக்காமல் கோட்டிலிருந்தே படி. என் கோட்டில் (0, 3.18), (240, 0.80):

```
λ = (3.18 - 0.80)/240 = 0.00992 s⁻¹
T½ = 0.693/0.00992 ≈ 70 s
```

புரோடாக்டினியம்-234m-இன் அரை ஆயுள் 1.17 நிமிடம், அதாவது 70 வினாடி. உங்கள் பரிசோதனை அழகாக வந்திருக்கிறது, சந்தோஷம்.

அப்புறம் கதிரியக்கச் செயல்பாடு, அதாவது வினாடிக்கு எத்தனை அணுக்கருக்கள் சிதைகின்றன என்பது. எண்ணியில் பதிவானது முழுச் செயல்பாடு அல்ல. கேள்வியில் 5% மட்டும் பதிவாகும் என்று இருக்கிறது. `t = 0`-க்கும் கோடு நிலைக்குத்து அச்சை வெட்டும் மதிப்பையே எடு: `e^3.18 = 24.0`.

```
A₀ = 24.0/0.05 = 480 Bq
N₀ = A₀/λ = 480/0.00992 ≈ 4.8 × 10⁴
A(300) = 480 × e^(-0.00992×300) ≈ 24 Bq
```

λ-வை வினாடியில் எடுத்தால் `t`-யும் வினாடியில்தான், நிமிடம் கலக்கக்கூடாது. கடைசி விடையைச் சரிபார்க்க: 280 வினாடி என்றால் நான்கு அரை ஆயுள், 480-ஐ நான்கு முறை பாதியாக்கினால் 30. 300 வினாடியில் அதைவிடக் கொஞ்சம் குறைய வேண்டும், 24 பொருந்துகிறது.