ஜூனும் நவம்பரும்

"வசந்தாவுக்கு மெஷினா? தவணைக்கு நாலு வாட்டி ஆள் அனுப்பணும்" என்றார் எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநர் சரோஜா அக்கா. வசந்தா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே தரையைப் பார்த்தாள்.

தைக்கத் தெரிந்தவர்கள் நாலு பேர். மெஷின் ஒன்று 11,500 ரூபாய். நாலும் வாங்க 46,000 வேண்டும். குழுவின் கையிருப்பு 31,000. மிச்சத்துக்கு வங்கிக் கடன் என்பதுதான் பேச்சு. பொருளாளர் நான் கையெழுத்துப் போட வேண்டும். "ஒரு வாரம் குடுங்கக்கா" என்று கடன் லெட்ஜரை வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

பிள்ளைகள் தூங்கியதும் 2023 ஜனவரி முதல் 2024 ஜூன் வரை அந்த நாலு பேர் கட்டிய உள்கடன் தவணைகளைத் தேதியோடு எழுதினேன். மொத்தம் 72. நாளில் கட்டியது 59, தள்ளிப்போனது 13. அதோடு நிறுத்தியிருந்தால் சரோஜா அக்கா சொன்னது சரி என்றுதான் நானும் நினைத்திருப்பேன். தள்ளிப்போனவற்றைச் சிவப்பு மையில் வட்டமிட்டுக்கொண்டே போனபோது வட்டங்கள் ஒரே வரிசையில் விழுந்தன. 11 வட்டம் ஜூனிலும் நவம்பரிலும். பள்ளிக்கூடம் திறக்கிற மாதம், மழையில் கூலி வேலை நிற்கிற மாதம். மீதி இரண்டும் வசந்தாவுடையவை, மாமியாரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த சமயம். பதின்மூன்றுமே அடுத்த தவணைக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தன. பாக்கி என்று ஒரு ரூபாய்கூட இல்லை.

பணம் வராமல் போகவில்லை, அந்த மாதங்களில் தாமதமாக வந்தது. வங்கித் தவணை ஜூனென்று பார்த்துக் காத்திருக்காது. நம் பணம் காத்திருக்கும்.

அடுத்த கூட்டத்தில் தாளை நடுவில் வைத்தேன். "வங்கிக் கடன் இப்ப வேண்டாம். நம்ம பணத்துலயே ரெண்டு மெஷின், 23,000. ஒரு மெஷினுக்கு ரெண்டு பேர். பத்து தவணை, ஆளுக்கு மாசம் 575, வட்டி தனி. ஜூன்லயும் நவம்பர்லயும் தவணை கிடையாது. இது ஒழுங்கா வந்தா அடுத்த வருஷம் மிச்ச ரெண்டையும் பார்ப்போம்."

சரோஜா அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வட்டங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். ஆஸ்பத்திரி மாதங்களில் விரல் நின்றது.

"உங்க மாமியா விழுந்தது அப்பவா? எங்கிட்ட சொல்லவே இல்லியேடி."

"என்னத்தச் சொல்றதுக்கா" என்றாள் வசந்தா.

அக்கா தீர்மானப் புத்தகத்தை இழுத்து முதல் கையெழுத்தைப் போட்டார். புத்தகம் சுற்றி வந்தது. வசந்தா தன் பெயரை மெதுவாக எழுதி முடித்துவிட்டு என் பக்கம் சாய்ந்தாள்.

"மெஷினை ஜன்னலோரமாப் போடலாமாக்கா? கறுப்புத் துணியில நூலு தெரியாது."