பதினைந்து பொதி மிளகு

ஆனி மாதக் காற்றில் வந்த கப்பலில் அப்பா வரவில்லை. அவர் வாங்கிய மிளகுதான் வந்தது.

கொல்லத்தில் ஏற்றிய 45 பொதிகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் விரல் நீள மரச்சீட்டு தொங்கியது. துறைக் கூலியாட்கள் படிப்பதற்காகச் சீட்டில் சீன எழுத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. கூடவே பயணம் செய்த காரிநாயன் மாமா, சுங்கக் கொட்டகை வாசலில் நங்கையிடம் ஒரு துணி முடிச்சைக் கொடுத்தார். உள்ளே எழுத்தாணியும் நான்கு கணக்கோலைகளும் இருந்தன.

"கொல்லத்தில் காய்ச்சல் கண்டது, அம்மா. ஆறாம் நாள் போய்விட்டார். கப்பல் வாடகையைப் படுக்கையில் இருந்தபடியே தன் கைப்பணத்தில் கட்டிவிட்டார். கடன் வைக்கக் கூடாது என்று ஒரே பிடிவாதம்."

சுங்கம் சரக்காகவே போனது. மூன்று பொதி கழிந்து 42 மிஞ்சின.

இது நடந்தது 1281ஆம் ஆண்டு, சீனத்தின் தென்கிழக்குக் கடற்கரையில். சுவான்சௌ என்பது ஊரின் பெயர். அரபு வணிகர்கள் ஜைத்தூன் என்பார்கள். நம் ஊர் வேலிகளில் நிற்கும் முள்முருங்கையின் இனத்து மரங்கள் மதிலைச் சுற்றி நடப்பட்டிருந்தன. அவை பூக்கும்போது ஊரே சிவப்பாகத் தெரியும். மரத்தின் சீனப் பெயர்தான் அரபு நாவில் ஊரின் பெயரானது. தெற்கு வாசலுக்குப் பக்கத்தில் முஸ்லிம்களின் கல் பள்ளிவாசல் இருந்தது. அது கட்டி 270 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஆற்றோரம் மாலுமிகளின் தெய்வமான மாச்சோவுக்குக் கோயில். மேற்கே கையுவான் பௌத்த விகாரத்தின் இரட்டைக் கல் கோபுரங்கள் எந்தத் தெருவில் நின்றாலும் கண்ணில் படும். அந்த ஆண்டு சித்திரையில் தமிழ் வணிகர்களும் ஒரு சிவன் கோயிலில் திருமேனியை எழுந்தருளச் செய்திருந்தார்கள். சீனத்தை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் உடல்நலத்துக்காக என்று தமிழில் கல்வெட்டு வெட்டி, கடைசி வரியைச் சீனத்தில் பொறித்தார்கள். சக ஆண்டு 1203 என்ற கணக்குடன் அந்தக் கல் இன்றும் இருக்கிறது.

நங்கைக்குப் பதினாறு வயது. அப்பா சோழநாட்டார். அம்மா இந்த ஊர்ப் பெண், லின் குடும்பத்தவள். மாச்சோவும் பிறப்பால் லின் குடும்பத்துப் பெண்தான் என்பார்கள். அதனால் அம்மா அந்தக் கோயிலுக்குப் பிறந்த வீட்டுக்குப் போகிற உரிமையோடு போவாள். வீட்டில் தமிழ் ஓலை படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். இப்போது ஒருத்தி.

அன்றிரவு அவள் ஓலைகளைப் பிரித்தாள். கரி தேய்த்த எழுத்துகள் விளக்கடியில் தெளிவாக நின்றன. முதல் இரண்டு ஓலைகள் வழிச்செலவு. மூன்றாவதில் கொள்முதல். நான்காவதில், கை நடுங்கி எழுதிய வரிகள்:

யூசுபு முதல் பட்டு 20 துணி. விற்று வாங்கிய மிளகு பொதி 15.

அவ்வளவுதான். வாடகையில் யார் பங்கு எவ்வளவு, ஒப்பந்தம் என்ன என்று எதுவும் இல்லை.

யூசுபு பக்கத்து வீட்டுக்காரர், சாம்பிராணி வணிகர். அப்பா கடலில் இருந்தபோதே அவர் இறந்துவிட்டார். அவருடைய மனைவி கதீஜா அம்மாள் இரண்டு பையன்களோடு அதே வீட்டில் இருக்கிறார். மரச்சீட்டுகள் 45லும் அப்பாவின் பெயர்தான். காரிநாயன் மாமாவுக்கும் இது தெரியாது. தெரிந்திருந்தால் முடிச்சைக் கொடுக்கும்போதே சொல்லியிருப்பார்.

காலையில் அம்மாவிடம் சொன்னாள். அம்மா அடுப்பிலிருந்து திரும்பவில்லை.

"யார் அந்த ஓலையைப் பார்த்தார்கள்?"

"நான் மட்டும்."

அம்மா எழுந்து உள்ளே போய் ஒரு பெட்டியைத் தூக்கி வந்து திறந்து வைத்தாள். நிறைய சோங் அரசின் காகித நோட்டுகள். அவளுடைய தாய்வீட்டுச் சீதனம், பதினெட்டு வருடச் சேமிப்பு எல்லாம் அதில் இருந்தன. கானின் ஆட்சி வந்ததும் பழைய நோட்டு ஐம்பதுக்குப் புதிய நோட்டு ஒன்று என்றார்கள். கோபத்தில் பாதியை அவள் மாற்றவே இல்லை.

"ஒரே நாளில் இது குப்பையானது. யாரும் வந்து, உன் பங்கு இந்தா என்று கொடுக்கவில்லை," என்றாள். "மிளகு அப்படி ஆகாது. அது மிளகாகவே இருக்கும்."

நங்கையிடம் பதில் இல்லை. அம்மா பேராசைக்காரி அல்ல. ஒருமுறை எல்லாம் போகப் பார்த்தவள், அவ்வளவுதான்.

இருவரும் ஆற்றங்கரைக் கோயிலுக்குப் போனார்கள். அம்மா ஊதுவத்தி ஏற்றினாள். பிறகு பிறைக்கட்டைகளைக் கையில் எடுத்தாள். இரண்டு மரத்துண்டுகள், ஒவ்வொன்றும் பிறை வடிவம், ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் மேடு. கேள்வியை மனத்தில் சொல்லித் தரையில் போட வேண்டும். ஒன்று தட்டையாகவும் மற்றது மேடாகவும் விழுந்தால் தெய்வம் சரி என்கிறது. பெரிய காரியத்துக்கு மூன்று முறை தொடர்ந்து அப்படி விழ வேண்டும்.

அம்மா உரக்கவே கேட்டாள்: "பதினைந்து பொதியும் எங்களிடமே இருக்கலாமா, தாயே?"

கட்டைகள் கல்தரையில் துள்ளி உருண்டன. சரி. மறுபடியும் சரி. மூன்றாவது தடவை ஒரு கட்டை தூண் வரை ஓடிப் போய்ச் சுழன்று விழுந்தது. நங்கை குனிந்து பார்த்தாள். சரி.

அம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன. அவளுடைய நம்பிக்கை உண்மையானது. அதைக் குறைத்துப் பேச நங்கைக்கு வாய் வரவில்லை.

பிற்பகலில் சிவன் கோயிலுக்குப் போனாள். திருமேனி எழுந்தருளிவிட்டாலும் கல் வேலை நடந்துகொண்டிருந்தது. யானை ஒன்று தாமரையோடு லிங்கத்தை வழிபடும் காட்சியைச் செதுக்கிக்கொண்டிருந்த சிற்பி சீனர், புத்தரை வணங்குபவர். அவருடைய தந்தை கையுவான் கோபுரங்களில் உளி பிடித்தவர். யானைக்கு மேலே மேகம் அவர் ஊர் வழக்கப்படி சுருள் சுருளாக வந்திருந்தது. தமிழ் வணிகர் யாரும் அதை மாற்றச் சொல்லவில்லை.

வணிகக் குழுவின் மூத்தவர் தில்லைநாயகத்தார் முழுவதையும் கேட்டுவிட்டுத் தாடியை நீவினார்.

"சாட்சி இல்லை, முத்திரை இல்லை. கொடுத்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை. இதை ஊர்க் கணக்கில் கொண்டுவரவே முடியாது, மகளே. உன் மனம் உறுத்துகிறது என்றால் ஒன்று செய். அந்தப் பதினைந்தையும் இறைவனுக்குக் கொடுத்துவிடு. இந்தச் சுவர் முடிந்துவிடும். உன் அப்பா பெயரைக் கல்லில் வெட்டச் சொல்கிறேன்."

"யூசுபுவின் மிளகை அப்பா பெயரில் கொடுக்கலாமா, மாமா?"

அவர் கொஞ்ச நேரம் சிற்பியின் உளியையே பார்த்துக்கொண்டிருந்தார். "உன் அப்பாவும் இப்படித்தான் கேட்பான்," என்றார். அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

அப்பாவின் பெயரைக் கல்லில் பார்க்க அவளுக்கும் ஆசைதான். ஆனால் அவர் கடைசியாக எழுத்தாணி பிடித்தது யூசுபுவின் கணக்கை எழுதத்தான். எழுந்து உட்காரவே முடியாதவர், மகளுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அந்த வருத்தம் அவளுக்கு இருந்தது. ஓலையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

கதீஜா அம்மாள் மாலைத் தொழுகை முடித்துப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நங்கை தமிழ் ஓலையை ஒவ்வொரு சொல்லாகச் சீனத்தில் படித்துச் சொன்னாள். படித்து முடித்ததும் அவர், "பட்டு இருபது துணி. அதில் நான்கு நீலம்," என்றார்.

நங்கை நிமிர்ந்தாள்.

"உறையில் வைத்துத் தைத்தது நான்தானே. உன் அப்பா பொதி வந்த அன்றே எனக்குத் தெரியும். உங்கள் வீட்டுத் துக்கம் ஆறட்டும் என்றிருந்தேன். பிறகு கேட்கலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. என் கையில் ஓலை இல்லையே."

அவர் மூத்த மகன் சுலைமானைக் கூப்பிட்டு மணிச்சட்டத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

"உன் ஓலையில் இல்லாதது ஒன்று இருக்கிறது. எங்கள் வழக்கப்படி, முதல் போட்டவருக்கு முதல் திரும்ப வர வேண்டும். பிறகு வரும் லாபத்தில் கடல் தாண்டியவருக்குப் பாதி. அவர்கள் பேசிக்கொண்டது அதுதான். நான் திரைக்குப் பின்னால் இருந்தேன்."

மணிகள் நகர்ந்தன. பதினைந்தில் சுங்கத்துக்கு ஒன்று போக 14. அந்தச் சரக்குக்கு அப்பா கட்டிய வாடகை இரண்டு பொதி மதிப்பு, அது நங்கை வீட்டுக்கு. மீதி 12. இருபது துணியின் இந்த ஊர் விலை ஆறு பொதி மிளகுக்குச் சமம், அது முதல். லாபம் ஆறு, அதில் பாதி மூன்று.

"எனக்கு ஒன்பது, உனக்கு ஐந்து," என்றார் கதீஜா அம்மாள். "சரியா, நீயே ஒருமுறை போட்டுப் பார்."

நங்கை போட்டுப் பார்த்தாள். நம்பிக்கை இல்லாமல் அல்ல. கணக்கைப் பார்க்காமல் ஒப்புக்கொள்வதை அந்த வீட்டிலும் மதிக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். சரியாக இருந்தது. அவர்களுடைய 28 பொதியோடு ஐந்து சேர்ந்து 33.

அம்மாவிடம் சொன்னபோது அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மாச்சோ வைத்துக்கொள்ளலாம் என்றாள்," என்றாள்.

"வைத்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னாள், அம்மா. கொடுக்கக் கூடாது என்று நீ கேட்கவே இல்லையே."

அம்மா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் ஒன்பது பொதிகளையும் எண்ணி வெளியே எடுத்து வைத்தவளும் அவள்தான். ஈரம் பட்ட ஒரு பொதியை ஒதுக்கிவிட்டு, உலர்ந்த ஒன்றை அதன் இடத்தில் வைத்தாள்.

ஐப்பசி முடியும் நேரத்தில் கதீஜா அம்மாள் வந்தார். வடகாற்று தொடங்கியிருந்தது. சுலைமான் தெற்கே போகிறான். நங்கை மிளகை விற்ற பணத்தில் பட்டு வாங்கிக் கொடுத்தால் அதே ஒப்பந்தத்தில் எடுத்துப் போவான்.

"கப்பல் முழுகிவிட்டால்?" என்று கேட்டாள் நங்கை.

"முதல் உன்னுடையது, போய்விடும். அவன் உழைப்பு போய்விடும். யாரும் யாருக்கும் கடன் இல்லை."

"அப்படியானால் இந்தத் தடவை எழுதிக்கொள்வோம். உங்கள் எழுத்தில் ஒன்று, தமிழில் ஒன்று, துறையில் காட்டச் சீனத்தில் ஒன்று."

அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். யப்பான்மீது போகக் கான் கப்பல்கள் கட்டச் சொன்னதிலிருந்து தச்சர்கள் எல்லாம் அந்த வேலைக்குப் போயிருந்தார்கள். வணிகக் கப்பல்களின் வாடகை ஏறிக்கிடந்தது. அது நங்கைக்குத் தெரியும், சுலைமானுக்கும் தெரியும்.

நங்கை எழுத்தாணியை எடுத்தாள். "முதலில் வாடகையைப் பேசுவோம்," என்றாள்.