சிங்கப்பூர் வீழ்ச்சி: 12 மதிப்பெண் கட்டுரையை நீங்களே திருத்தும் தாள்

சனிக்கிழமை வரலாற்றுப் பயிற்சிக் குழுவுக்கு

கேள்வி: "1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்ததற்குப் பிரிட்டிஷாரின் தவறான தற்காப்புத் திட்டமே முதன்மைக் காரணம்." இக்கூற்றை எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்? விளக்குக.

எழுதிய அன்றே திருத்தாதீர்கள். ஒரு நாள் கழித்து, வேறு நிறப் பேனாவோடு உட்காருங்கள். பள்ளியில் எழுதுவதுபோல் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாலும் இதே தாள்தான்.

முதலில் படியை முடிவு செய்யுங்கள், மதிப்பெண் அப்புறம். ஒரு படிக்குள் கீழ் மதிப்பெண்ணில் தொடங்கி, தாளில் ஆதாரம் இருந்தால் மட்டும் மேலே ஏறுங்கள்.

படி 1 (1–2): நடந்ததைக் கதையாகச் சொல்கிறது, அல்லது காரணமே இல்லாமல் "ஏற்கிறேன்" என்கிறது.

படி 2 (3–5): காரணமும் தகவலும் இருக்கின்றன. அதனால் சிங்கப்பூர் ஏன் வீழ்ந்தது என்பது இல்லை.

படி 3 (6–9): காரணத்தை வீழ்ச்சியோடு இணைத்து விளக்குகிறது. ஒரு பக்கம் மட்டும் என்றால் 6–7. திட்டம், மற்ற காரணங்கள் இரண்டும் விளக்கப்பட்டிருந்தால் 8–9.

படி 4 (10–12): இரு பக்கமும் விளக்கி, எது எடை கூடியது, ஏன் என்று தீர்ப்புச் சொல்கிறது. ஏற்றாலும் மறுத்தாலும் மதிப்பெண் ஒன்றுதான். "இரண்டுமே முக்கியம்" என்று முடித்தால் 9-ஐத் தாண்டக் கூடாது.

பலரும் சறுக்குவது படி 2-க்கும் 3-க்கும் நடுவில். ஒரே கருத்தை மூன்று விதமாகப் பாருங்கள்.

"பெர்சிவல் வலுவான படைகளை வடகிழக்கில் நிறுத்தினார்." இது தகவல். படி 2, 3 மதிப்பெண்.

"பெர்சிவல் வலுவான படைகளை வடகிழக்கில் நிறுத்தினார். ஜப்பானியரோ பிப்ரவரி 8 இரவு வடமேற்கில் சரிம்பூன் கரையில் இறங்கினர்." தகவல் கூடியிருக்கிறது, ஆனால் இன்னும் படி 2 தான். 4 அல்லது 5.

"...அந்த நீண்ட கரையைக் காக்க அங்கிருந்த ஆஸ்திரேலியப் படைப்பிரிவுக்கு ஆள் போதவில்லை. இடைவெளிகள் வழியே ஜப்பானியர் உள்ளே புகுந்து, மறுநாளே தெங்கா விமானத் தளத்தைப் பிடித்தனர். கரையிலேயே தடுத்து நிறுத்தும் வாய்ப்பு இப்படிப் போயிற்று." இப்போதுதான் படி 3. திட்டத்தின் தவறு தோல்வியாக மாறிய வழி தெரிகிறது.

சரிபார்க்க வேண்டிய கருத்துகள்

திட்டம்: ஆபத்து வந்தால் பிரிட்டனிலிருந்து பெரிய கடற்படை வரும் என்ற நம்பிக்கை. ஐரோப்பியப் போரால் அது வரவில்லை. வந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் கப்பல்களுக்கு விமானப் பாதுகாப்பு இல்லாததால் 1941 டிசம்பர் 10 அன்று மூழ்கடிக்கப்பட்டன. வடமேற்குக் கரை பலவீனம் (மேலே பார்த்தது).

மற்ற காரணங்கள்: ஜப்பானியரின் வான் வலிமை, டாங்கிகள், சைக்கிளில் விரைந்த காலாட்படை. டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கியதிலிருந்து தொடர்ந்து பின்வாங்கிய பிரிட்டிஷார், ஜனவரி 31-க்குள் தீபகற்பத்தையே விட்டுக் கடற்பாலத்தை உடைத்தனர். கடைசி நாள்களில் தண்ணீர்த் தட்டுப்பாடு. பிப்ரவரி 15, ஃபோர்டு தொழிற்சாலையில் சரணடைவு.

இந்த எல்லாக் கருத்தும் வேண்டாம். திட்டத்துக்கு ஒன்று, மற்ற காரணங்களுக்கு ஒன்று, முழுதாக விளக்கியது போதும். ஐந்து கருத்தை அடுக்கி ஒன்றையும் விளக்காதவருக்கு 5-க்கு மேல் கிடையாது. கஷ்டமாக இருக்கும், ஆனாலும் போட்டுத்தான் ஆக வேண்டும்.

தவறான தகவலுக்கு மதிப்பெண் கழிக்காதீர்கள். அந்த ஆதாரத்தை மட்டும் இல்லாததாகக் கொள்ளுங்கள். "பீரங்கிகள் கடலை நோக்கியே இருந்தன, திருப்ப முடியவில்லை" என்பது அப்படி ஒன்று. பெரிய பீரங்கிகளில் பல நிலத்தை நோக்கியும் சுட்டன. ஆனால் அவற்றின் குண்டுகள் பெரும்பாலும் கப்பலின் இரும்பைத் துளைக்கச் செய்தவை, காலாட்படைக்கு எதிராக அதிகம் பயன்படவில்லை. இப்படி எழுதியிருந்தால் முழு ஆதாரம்.

படி 4 தீர்ப்பு ஒன்று: "ஆள் எண்ணிக்கை பிரிட்டிஷார் பக்கமே அதிகம்: ஏறத்தாழ 85,000-க்கு எதிராக 30,000. வானும் கடலும் கையை விட்டுப் போனதால் அந்த எண்ணிக்கை உதவவில்லை. கடற்படை வரும் என்று நம்பியிருந்த திட்டமே அதற்குக் காரணம் என்பதால் அதுவே எடை கூடியது." ஒரு காரணம் இன்னொன்றுக்குள் எப்படி அடங்குகிறது என்று காட்டுவதால் 11.

போன வாரம் ஒருவர் தமக்கு 11 போட்டிருந்தார். சேர்ந்து படித்தபோது 7 வந்தது. அவருக்கு விஷயம் நன்றாகத் தெரியும். மனத்தில் இருந்த விளக்கத்தைத் தாளில் இருப்பதாகப் படித்துவிட்டார். அதனால் மதிப்பெண் போடும் முன், "அதனால்", "இதன் விளைவாக" போன்ற இணைப்புகள் வரும் வாக்கியங்களை அடிக்கோடிடுங்கள். கோடே இல்லாத பத்தி படி 3 ஆகாது.

பிறகு பக்கத்தில் இருப்பவரோடு தாளை மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்தால் சராசரி எடுக்காமல், எந்த வாக்கியத்தில் கருத்து வேறுபடுகிறது என்று கண்டுபிடியுங்கள்.

தாளின் அடியில் மூன்று வரி: படி, மதிப்பெண், அதைத் தீர்மானித்த உங்கள் வாக்கியம் அப்படியே. சனிக்கிழமை கொண்டு வாருங்கள், அந்த மூன்றாவது வரியிலிருந்து தொடங்குவோம்.